போர்ட் திறக்கும் முன் ரூட்டரில் ஒரு எண்ணைப் பாருங்கள்

தமிழ்நாட்டின் ஊர்களில் வீட்டுக் கேமராவும் டிவிஆரும் பொருத்தித் தரும் நண்பர்களுக்கு,

நான் ஓர் இணைய நிறுவனத்தின் நெட்வொர்க் பிரிவில் வேலை பார்ப்பவன். உங்களில் பலருடைய குரல் எனக்குப் பழக்கம். வாடிக்கையாளர் வீட்டில் ரூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு நீங்கள் எங்களை அழைப்பீர்கள். "சார், ரூல் எல்லாம் சரியாப் போட்டுட்டேன், வெளியிலிருந்து மட்டும் வர மாட்டேங்குது, 8000 போர்ட்டை உங்க பக்கம் ஓபன் பண்ணி விடுங்க" என்பீர்கள். எங்கள் உதவி மையத்தில் இருப்பவர் "இங்கே எதையும் பிளாக் பண்ணலை" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஆனால் கேமரா மட்டும் வராது. வீட்டுக்காரர் உங்களையும் திட்டுவார், எங்களையும் திட்டுவார். இந்த மடல் அந்த நிலைமை பற்றியது.

பெயர் சொல்லாமல் ஒரு வீட்டைச் சொல்கிறேன். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். அம்மா தனியாக இருக்கிறார், மகன் புனேயில் வேலை பார்க்கிறார். வாசல், கொல்லை, பக்கச் சந்து, கூடம் என்று நான்கு கேமரா. டிவிஆருக்கு 192.168.1.108 என்று நிலையான முகவரி கொடுத்து, 8000, 554 இரண்டு போர்ட்டையும் ரூட்டரில் ஃபார்வர்டு செய்து, ஒரு டிடிஎன்எஸ் பெயரும் வாங்கி வைத்திருந்தார் பொருத்தியவர். பழைய தொலைபேசிக் கம்பி வழி இணைப்பில் இது நன்றாகவே ஓடியது. பிறகு தெருவுக்கு ஃபைபர் வந்தது. வேகம் பல மடங்கு கூடியது, மாதக் கட்டணம் குறைந்தது. அன்றோடு புனேயில் படம் நின்றுபோனது.

பொருத்தியவர் வேலை தெரிந்தவர். புதிய ரூட்டரில் அதே இரண்டு ரூலையும் போட்டார், வரவில்லை. டிவிஆரையே டிஎம்இசட்டில் வைத்தார், வரவில்லை. ஃபைபர் பெட்டியில் கோளாறு என்று நினைத்து வேறு ரூட்டர் வாங்கிப் போட்டார், அதிலும் வரவில்லை. ஒவ்வொரு வருகைக்கும் அந்த அம்மா பணம் கொடுத்தார். பொருத்தியவர் செய்தது எதுவும் தவறில்லை. வீட்டுக்குள் சரிசெய்ய எதுவுமே இல்லை என்பதை மட்டும் யாரும் அவரிடம் சொல்லவில்லை. இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் கட்டண அட்டையிலும் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

அந்த ரூட்டரின் நிலைப் பக்கத்தில் `WAN IP` என்ற இடத்தில் 100.81.14.203 என்று இருந்தது. அதே வீட்டின் வைஃபையில் இருந்த போனில் "என் ஐபி என்ன" என்று காட்டும் தளத்தைத் திறந்தால் வேறு ஒரு எண் வந்தது. உதாரணத்துக்கு அதை 203.0.113.57 என்று வைத்துக்கொள்வோம். இந்த இரண்டும் ஒன்றாக இல்லை என்றால், அந்த வீட்டுக்கும் இணையத்துக்கும் நடுவில் இன்னொரு நேட் இருக்கிறது என்று பொருள்.

வீட்டு ரூட்டர் செய்யும் நேட் உங்களுக்குப் பழக்கமானது. உள்ளே இருந்து ஒரு கருவி வெளியே பேசினால், எந்தக் கருவி எந்தப் போர்ட்டில் யாரோடு பேசுகிறது என்று ரூட்டர் ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பதில் வந்தால் அந்தக் குறிப்பைப் பார்த்து உள்ளே அனுப்பும். கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு டோக்கன் வாங்குவதைப் போல, டோக்கனோடு வருபவருக்கு மட்டும்தான் அங்கே வேலை நடக்கும். புனேயில் இருந்து வரும் மகனின் போன் தானாகவே வந்து தட்டுகிறது, அதனிடம் டோக்கன் இல்லை. போர்ட் ஃபார்வர்டிங் என்பது அப்படி வருபவருக்கு நாம் முன்கூட்டியே எழுதி வைக்கும் நிரந்தரக் குறிப்பு: 8000-க்கு யார் வந்தாலும் 192.168.1.108-க்கு அனுப்பு.

இப்படிப்பட்ட ஃபைபர் இணைப்பில் இந்த அட்டவணை இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று வீட்டு ரூட்டரில். இன்னொன்று எங்களைப் போன்ற நிறுவனத்தின் மையத்தில் இருக்கும் பெரிய பெட்டியில். அதைத்தான் கேரியர் கிரேட் நேட், சுருக்கமாக சிஜி-நேட் என்கிறோம். 203.0.113.57 என்ற முகவரி அந்தப் பெட்டிக்குச் சொந்தம், உங்கள் வாடிக்கையாளருக்குச் சொந்தமில்லை. மகனின் போன் அனுப்பும் முதல் பாக்கெட் அந்தப் பெட்டிக்கு வந்து சேர்கிறது. பெட்டியின் அட்டவணையில் அதற்குக் குறிப்பில்லை, கீழே போட்டுவிடுகிறது. நீங்கள் கவனமாக எழுதிய ரூல் இருக்கும் ரூட்டர் வரைக்கும் அந்தப் பாக்கெட் வருவதே இல்லை. அதனால்தான் டிஎம்இசட் போட்டாலும், யுபிஎன்பி போட்டாலும், ரூட்டரையே மாற்றினாலும் ஒன்றும் நடப்பதில்லை.

டிடிஎன்எஸ்ஸும் இங்கே கைகொடுக்காது. சில ரூட்டர்கள் தங்கள் `WAN` எண்ணையே பதிவு செய்யும். அப்போது உங்கள் பெயர் 100.81.14.203 என்ற எண்ணைக் காட்டும், இணையத்தில் யாராலும் அந்த எண்ணுக்கு வர முடியாது. வேறு சில, வெளியே தெரியும் எண்ணைப் பதிவு செய்யும். அது சிஜி-நேட் பெட்டியின் எண். இதில் ஒரு ஏமாற்றம் உண்டு. அந்த எண்ணுக்குப் பிங் அடித்தால் பதில் வரக்கூடும். "பிங் வருது சார், போர்ட்தான் வரலை" என்று உங்களில் சிலர் சொல்வது இதனால்தான். அந்தப் பதிலைக் கொடுப்பது எங்கள் பெட்டி. உங்கள் ரூட்டருக்கு அந்தப் பிங் வந்ததே தெரியாது.

இப்படி ஒரு பெட்டியை ஏன் வைக்கிறார்கள் என்று கேட்பீர்கள். பழைய ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. உலக அளவில் இவற்றைப் பிரித்துக் கொடுக்கும் ஐயானாவின் கையிருப்பு 2011 பிப்ரவரியில் முடிந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் நம் ஆசிய பசிபிக் பகுதிக்கான ஏப்நிக் அமைப்பும் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு புதிதாக வரும் நிறுவனத்துக்கு அதிகபட்சம் 1,024 முகவரி, பின்னாளில் அதுவும் 512 என்று குறைந்தது. நம் ஊர்களில் ஃபைபர் இழுத்த சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் இந்தக் காலத்துக்குப் பின் வந்தவை. கையில் சில நூறு முகவரி, வாடிக்கையாளரோ பல ஆயிரம். பகிர்ந்து கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. இந்தப் பகிர்வுக்கென்றே 2012 ஏப்ரலில் 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை ஒரு தனித் தொகுதியை ஒதுக்கினார்கள். மன்னார்குடி வீட்டின் ரூட்டரில் இருந்த 100.81 அதற்குள் வருகிறது.

"சரி, அந்தப் பெட்டியிலேயே எனக்காக 8000 போர்ட்டைத் திறந்துவிடக் கூடாதா?" இது நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு ஐபி முகவரிக்கு 65,536 போர்ட்கள். முதல் 1,024 போர்ட்களைத் தொடாமல் விட்டால் மீதி 64,512. இதை 64 வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 1,008 போர்ட். இப்படி வரிசையாகப் பிரிக்கும்போது ஏழாவது வீட்டுக்கு 7072 முதல் 8079 வரை கிடைக்கும். 8000 என்பது அந்த வீட்டின் பங்கில் இருக்கிறது. மற்ற 63 வீடுகளுக்கும் அந்த எண் கிடையாது. 554 யாருக்குமே இல்லை. எத்தனை வீடு, எத்தனை போர்ட் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனால் ஒரு முகவரியில் 8000 என்ற எண் ஒன்றுதான் உண்டு என்பது மாறாது. வாடிக்கையாளரின் ரூட்டரே பெட்டியிடம் கேட்டு ஒரு போர்ட்டை வாங்கிக்கொள்ளும் பிசிபி என்ற முறை 2013-லேயே வகுக்கப்பட்டது. வீட்டு இணைப்புகளில் அதை இயக்கி வைக்கும் நிறுவனத்தைக் காண்பது அரிது.

இனி சோதனைக்கு வருகிறேன். ரூட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்து `WAN IP`-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அந்த வீட்டு வைஃபையில் இருந்தபடி வெளியே தெரியும் ஐபியைப் பாருங்கள். டேட்டாவை அணைக்க மறந்தால் உங்கள் சிம்மின் முகவரி வந்து குழப்பிவிடும். வந்த எண் நான்கு துண்டுகள் கொண்டதாக இருக்க வேண்டும். எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக வந்தால் அது ஐபிவி6, அதை இதோடு ஒப்பிடக் கூடாது.

இரண்டும் ஒன்றாக இருந்தால் சிஜி-நேட் இல்லை. உங்கள் வழக்கமான வேலையைத் தாராளமாகச் செய்யுங்கள், வரவில்லை என்றால் தவறு வீட்டுக்குள் எங்கோ இருக்கிறது. வேறாக இருந்தால் `WAN` எண்ணின் தொடக்கத்தைக் கவனியுங்கள். 192.168 என்று தொடங்கினால் அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியே ஒரு ரூட்டராக ஓடிக்கொண்டிருக்கும், அதற்குப் பின்னால் உங்கள் ரூட்டர் இருக்கும். அந்தப் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொல்லிவிட்டு மறுபடி பாருங்கள். உண்மையான பொது முகவரி உங்கள் ரூட்டருக்கே வந்துவிடலாம். 100.64 முதல் 100.127 வரை வந்தால் சிஜி-நேட் உறுதி. 10 என்றோ 172.16 முதல் 172.31 வரையோ தொடங்கினாலும் பெரும்பாலும் அதுதான், சில நிறுவனங்கள் அந்தத் தொகுதிகளையே உள்ளே பயன்படுத்துகின்றன. 100.20 போன்ற எண் அந்த வரம்புக்கு வெளியே இருப்பதால் அது சாதாரணப் பொது முகவரிதான். நூறில் தொடங்குவதெல்லாம் சிஜி-நேட் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சிலர் `tracert` ஓட்டி, இரண்டாவது வரியில் 10.x வந்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். அது போதாது. பொது முகவரி கொடுக்கும் நிறுவனமும் தன் உள் ரூட்டர்களுக்குத் தனி முகவரி வைத்திருக்கலாம். இன்னொன்று: அந்த வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே வெளி முகவரியை அடித்துப் பார்த்துவிட்டு வருகிறது, வரவில்லை என்று சொல்லாதீர்கள். தன் வெளி முகவரியைத் தானே உள்ளிருந்து தொட விடாத ரூட்டர்கள் நிறைய உண்டு. வேறு நெட்வொர்க்கில் இருக்கும் போனில்தான் சோதிக்க வேண்டும்.

சிஜி-நேட் என்று தெரிந்த பிறகு என்ன செய்வது? பெரும்பாலான வீடுகளுக்கு, டிவிஆர் நிறுவனத்தின் ஆப்பில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து சேர்க்கும் முறையே போதும் என்பது என் கருத்து. போர்ட் திறக்காமலே அது எப்படி வேலை செய்கிறது என்பதை வாடிக்கையாளருக்கு நீங்கள் விளக்க முடிய வேண்டும். டிவிஆர் தானே வெளியே போய் நிறுவனத்தின் சர்வரோடு பேசி, அந்தத் தொடர்பை விடாமல் வைத்திருக்கிறது. வெளியே போகும் தொடர்பு என்பதால் இரண்டு நேட் பெட்டிகளிலும் குறிப்பு விழுந்துவிடும். போன் அதே சர்வரிடம் வந்து கேட்கும்போது, இருவருடைய வெளி முகவரியையும் போர்ட்டையும் சர்வர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரை நோக்கி ஒருவர் பாக்கெட் அனுப்ப, இரு பக்க நேட்டிலும் வழி கிடைத்து நேரடித் தொடர்பு உண்டாகிறது.

இதுவும் எப்போதும் அமைவதில்லை. சில நேட் பெட்டிகள் ஒவ்வொரு எதிர்முனைக்கும் வேறு வேறு வெளிப் போர்ட்டைக் கொடுக்கும். சர்வர் சொன்ன போர்ட் அப்போது செல்லாக்காசு. மொபைல் டேட்டாவும் பெரும்பாலும் சிஜி-நேட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது என்பதால், இரண்டு பக்கமும் இப்படி அமைந்தால் நேரடி வழி கிடைக்காது. அப்போது படம் முழுவதும் நிறுவனத்தின் சர்வர் வழியாகச் சுற்றி வரும். "வீட்டு வைஃபையில் பளிச்சுன்னு இருக்கு, வெளியே போனா சுத்திக்கிட்டே இருக்கு" என்று வாடிக்கையாளர் சொன்னால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஆப்பில் மெயின் ஸ்ட்ரீமுக்குப் பதில் சப் ஸ்ட்ரீமைத் தேர்ந்து கொடுங்கள். மெயின் ஸ்ட்ரீம் ஒரு கேமராவுக்கு 2 முதல் 4 எம்பிபிஎஸ் கேட்கும், சப் ஸ்ட்ரீம் அரை எம்பிபிஎஸ்ஸில் முடிந்துவிடும்.

இந்த முறையில் வீட்டின் படம் வேறொரு நிறுவனத்தை நம்பி நடக்கிறது. அந்த நிறுவனம் சர்வரை நிறுத்தினால் ஆப்பும் நின்றுவிடும். அது பிடிக்காதவருக்கும், கடையின் கணினியில் வேறு மென்பொருளில் படம் வேண்டும் என்பவருக்கும் நிலையான ஐபி ஒரு வழி. மாதத்துக்கோ ஆண்டுக்கோ கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு பல நிறுவனங்கள் கொடுக்கின்றன. ஆனால் அதை வாங்கிக் கொடுத்த கையோடு டிவிஆரை அப்படியே திறந்துவிடாதீர்கள், இதை வற்புறுத்திச் சொல்கிறேன். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் டிவிஆர்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபரில் டின் என்ற பெயர்ச் சேவை நிறுவனத்தை அப்படிப் பிடித்த கருவிகளைக் கொண்டு தாக்கியபோது, அமெரிக்காவில் பெரிய தளங்கள் பல மணிக்கணக்கில் திறக்கவில்லை. சிஜி-நேட்டுக்குப் பின்னால் இருந்த டிவிஆரை இணையத்தில் யாரும் நேராகத் தட்ட முடியாது. நிலையான ஐபியும் போர்ட் ஃபார்வர்டிங்கும் சேர்ந்தால் அந்தத் தடுப்பு போய்விடும். கடவுச்சொல்லை மாற்றி, ஃபர்ம்வேரைப் புதுப்பித்த பிறகும், டிவிஆரை நேராகத் திறப்பதைவிட ரூட்டரில் ஒரு விபிஎன் வைத்து அதன் வழியாக உள்ளே வருவதையே நான் சொல்வேன்.

ஐபிவி6 இருக்கும் இணைப்பில் நேட்டே தேவையில்லை, ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி கிடைக்கும். ரூட்டரில் 2 என்று தொடங்கும் நீண்ட முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். fe80 என்று தொடங்குவது கணக்கில் வராது. இங்கே ஃபார்வர்டிங் இல்லை, ஃபயர்வாலில் அந்த டிவிஆரின் முகவரிக்கு மட்டும் அனுமதி எழுத வேண்டும். டிவிஆருக்கு ஐபிவி6 தெரிந்திருக்க வேண்டும், பார்ப்பவரின் நெட்வொர்க்கிலும் அது இருக்க வேண்டும். புனே மகனின் அலுவலக வைஃபையில் அது இல்லை. அதனால் அவருக்கு இது உதவவில்லை.

அவருக்குக் கடைசியில் அமைந்தது வேறு வழி. இணையத்தில் பொது ஐபி உள்ள ஒரு சிறிய வாடகை சர்வரை எடுத்து, வீட்டில் ஒரு ராஸ்பெர்ரி பை கருவியில் வயர்கார்டு போட்டு, வீட்டிலிருந்து வெளியே போகும் ஒரு சுரங்கம் அமைத்தோம். வீட்டுப் பக்கத்துக் கோப்பு இவ்வளவுதான்:

```
[Interface]
Address = 10.8.0.2/24
PrivateKey = (home key)

[Peer]
PublicKey = (server key)
Endpoint = 203.0.113.10:51820
AllowedIPs = 10.8.0.0/24
PersistentKeepalive = 25
```

கடைசி வரிதான் சிஜி-நேட்டைச் சமாளிக்கிறது. பேச்சில்லாமல் இருக்கும் தொடர்பின் குறிப்பை நேட் பெட்டி கொஞ்ச நேரத்தில் அழித்துவிடும். 25 விநாடிக்கு ஒருமுறை ஒரு சின்னப் பாக்கெட் போய்க்கொண்டே இருப்பதால் அந்தக் குறிப்பு உயிரோடு இருக்கிறது, சர்வரில் இருந்து எந்த நேரமும் உள்ளே வர முடிகிறது. மகனின் போனும் அதே சர்வரோடு வயர்கார்டில் இணைகிறது. சர்வரிலும் போனிலும் `AllowedIPs` வரியில் வீட்டு நெட்வொர்க்கைச் சேர்த்து, சர்வரிலும் பை கருவியிலும் பாக்கெட்டைக் கடத்திவிடும் அமைப்பை இயக்கி, பையில் வீட்டுப் பக்கம் ஒரு நேட்டும் போட வேண்டும். ஒரு சிக்கல் வந்தது. மகன் புனேயில் தங்கியிருந்த வீட்டின் வைஃபையும் 192.168.1 தான், போன் டிவிஆரை அந்த வீட்டுக்குள்ளேயே தேடியது. அம்மா வீட்டு நெட்வொர்க்கை 192.168.57 என்று மாற்றி, டிவிஆருக்கு 192.168.57.108 கொடுத்த பிறகு நான்கு கேமராவும் வந்தன. புது வீடுகளுக்குப் பொருத்தும்போதே இப்படி அதிகம் புழங்காத எண்ணை வைத்துவிடுவது நல்லது.

இந்தச் சர்வர் வேலை எல்லா வீட்டுக்கும் பொருந்தாது, மாத வாடகையும் பராமரிப்பும் உண்டு. ஆனால் எல்லா வீட்டிலும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. விலைப்புள்ளி கொடுக்கும் முன்பே `WAN` எண்ணையும் வெளி எண்ணையும் பார்த்து, தேதியோடு பில்லில் எழுதிக் கொடுங்கள். நிறுவனம் நாளைக்கு வாடிக்கையாளரை சிஜி-நேட்டுக்கு மாற்றினால், உங்கள் வேலையில் குறையில்லை என்பதற்கு அது சான்றாக இருக்கும். எங்களை அழைக்கும்போது "போர்ட் ஓபன் பண்ணுங்க" என்று கேட்காதீர்கள். அதற்கு "பிளாக் இல்லை" என்ற பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: "இந்த இணைப்பின் `WAN` முகவரி 100.81-இல் இருக்கிறது, இது சிஜி-நேட். பொது ஐபி தருவீர்களா, மாதம் எவ்வளவு? ஐபிவி6 இயக்கித் தருவீர்களா?" உதவி மையத்தில் பதில் தெரியவில்லை என்றால் நெட்வொர்க் பிரிவுக்குப் புகாரை மாற்றச் சொல்லிப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
நெட்வொர்க் பிரிவில் இருந்து உங்கள் நண்பன்